தொலைபேசியில் தேதி: தர்ட்டீன்த்தா, தர்ட்டியத்தா?

கயல்விழி எழுதியது:

அளவைக் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நேரம் ஒதுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேரிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். நாள் முழுக்கத் தொலைபேசியில் தேதிகளைச் சொல்வதும் கேட்பதுமே என் வேலை.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். அவருடைய இடத்துக்கு ஆள் வர வேண்டும். நான் 13ஆம் தேதியைச் சொன்னேன்: "தர்ட்டீன்த்". அவர் "யெஸ், தர்ட்டியத்" என்றார். என் காதில் அதுவும் தர்ட்டீன்த் என்றே விழுந்தது. பழக்கத்தின்படி கடைசியில் ஒரு முறை "தர்ட்டீன்த், சரிதானே?" என்று உறுதி செய்தேன். அவர் "சரி" என்றார். 13ஆம் தேதி எங்கள் ஆள் போய் நின்றபோது கதவு பூட்டியிருந்தது. வாடிக்கையாளர் 30ஆம் தேதிக்காகத் தன் வேலைகளை ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. என் கோபத்திலும் நியாயம் இருந்தது என்றுதான் அன்று நினைத்தேன்.

பிறகு பதிவுசெய்த உரையாடலைக் கேட்டேன். முதல் இரண்டு முறையும் அவர் தர்ட்டீன்த் என்று சொல்வதாகவே கேட்டது. மூன்றாம் முறை, அவர் சொல்வது 30 என்று மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் தர்ட்டியத் தெளிவாகக் கேட்டது. அந்த நொடியில் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. ஒரே ஒலிப்பதிவுதான், ஆனால் நான் எதிர்பார்த்த எண்ணே என் காதில் விழுந்திருக்கிறது.

நான் செய்யாமல் விட்டது என்ன? திருப்பிச் சொன்னேன், உறுதியும் கேட்டேன். இதே போல 15க்கும் 50க்கும் குழப்பம் வருவதாக உடன் வேலை செய்பவர்களும் சொல்கிறார்கள். இதற்கு நீங்கள் கடைப்பிடிக்கும் முறை இருந்தால் சொல்லுங்கள்.

செந்தில்குமரன் எழுதியது:

இது உச்சரிப்புப் பிரச்சினை. ஆங்கிலத்தில் தர்ட்டீன் என்பதில் இரண்டாம் அசைக்கு அழுத்தம், தர்ட்டி என்பதில் முதல் அசைக்கு அழுத்தம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டுக்கும் இதே விதிதான். 'டீ' என்பதை நீட்டி அழுத்திச் சொல்லுங்கள், கடைசி 'ன்' ஒலியை விழுங்காதீர்கள். ஒரு வாரம் பழகினால் போதும், யாருக்கும் குழப்பம் வராது.

ஒலிவாங்கி எழுதியது:

செந்தில்குமரன் சொன்ன அழுத்த விதி சரிதான், பழக வேண்டியதும்தான். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு தேதியை ஒப்படைக்க மாட்டேன். நான் பல ஆண்டுகள் வானொலித் தொடர்பு வேலையில் இருந்தவன், அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், அந்த அழுத்தம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் தர்ட்டீன், ஃபோர்ட்டீன், ஃபிஃப்டீன் என்று வரிசையாக எண்ணும்போது கவனித்துப் பாருங்கள். அழுத்தம் முதல் அசைக்கு வந்துவிடும். எண்ணை அடுத்து உடனே அழுத்தமான இன்னொரு சொல் வந்தாலும் அப்படித்தான்: "ஃபிஃப்டீன் டேஸ்" என்று வேகமாகச் சொல்பவர் 'ஃபிஃப்' மீதுதான் ஏறுவார். அதாவது நாம் நம்பியிருக்கும் அடையாளத்தை அவர்களே இயல்பான பேச்சில் கைவிட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, நம் வாய். ஆங்கிலேயரின் தர்ட்டீனில் நடுவில் உள்ள ட் மூச்சோடு வெடிக்கும், தர்ட்டியில் மெலிந்துவிடும். அமெரிக்கரின் தர்ட்டியில் அது கிட்டத்தட்ட நாக்கின் ஒரு தட்டல்தான், 'தர்டி' என்றே கேட்கும். நாம் இரண்டிலும் ஒரே கனத்தில் 'ட்ட்' போடுகிறோம், இரண்டு அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். எனவே நம் பேச்சில் 13ஐயும் 30ஐயும் பிரிக்க மிஞ்சுவது சொல்லின் வால் பகுதி மட்டும்தான்: ஒன்றில் 'ன்த்', மற்றதில் 'யத்'.

மூன்றாவது, தொலைபேசி அந்த வாலைத்தான் தின்கிறது. பழைய வகைத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை மட்டுமே கடத்தும். 'ன்' ஒலியின் முனகல் 300 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கிறது. 'த்' என்ற காற்றொலியின் பெரும்பகுதி மேல் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. ஆக 'ன்த்' என்பதில் மூக்கொலியும் மெலிகிறது, காற்றொலியும் மெலிகிறது. இன்றைய கைபேசிகளில் இரு முனையும் ஒத்துழைத்தால் 7000 ஹெர்ட்ஸ் வரை கூடப் போகும், அப்போது வேறுபாடு நன்றாகவே கேட்கும். ஆனால் ஒரு முனை பழைய இணைப்பாக இருந்தால் இரு முனைக்கும் பழைய அளவுதான். எது எப்போது கிடைக்கும் என்று பேசுபவருக்குத் தெரியாது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. கயல்விழி கேட்ட கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள், ஆனால் அதே ஒலியைத் திருப்பிச் சொன்னீர்கள். போகும்போது எந்த ஓட்டையில் விழுந்ததோ, வரும்போதும் அதே ஓட்டையில் விழுந்தது. நீங்கள் 'தர்ட்டீன்த்' என்றீர்கள், அவர் 30 என்று கேட்டார். அவர் 'தர்ட்டியத்' என்றார், நீங்கள் 13 என்று கேட்டீர்கள். இருவரும் மனதார "சரி" என்றீர்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. அந்த உறுதிப்படுத்தலில் புதிதாக எந்தத் தகவலும் இல்லை, அவ்வளவுதான். திருப்பிச் சொல்லும்போது கேட்ட வடிவத்திலேயே சொல்லாமல் வடிவத்தை மாற்றிச் சொல்ல வேண்டும்.

வானூர்திக் கட்டுப்பாட்டு வானொலியில் பெரும்பாலான எண்களை இலக்கம் இலக்கமாகவே சொல்வார்கள். அங்கே திசை எண்ணில் தர்ட்டீன், தர்ட்டி என்ற சொற்களே வருவதில்லை. ஒன், த்ரீ என்று தனித்தனியாக வரும். நீங்களும் "தர்ட்டீன்த், ஒன் த்ரீ" என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் 30 என்று நினைத்திருப்பவர் உடனே "இல்லை, த்ரீ ஸீரோ" என்பார். இலக்கமாகச் சொன்னால் 13இன் முதல் ஒலி ஒன், 30இன் முதல் ஒலி த்ரீ. சொல்லின் வாலில் கிடந்த வேறுபாடு தலைக்கு வந்துவிடுகிறது.

இளவேனில் எழுதியது:

தேதியை எழுதும் முறையில்தான் இந்தக் குழப்பம் எல்லாம் வருகிறது. ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள்: 2026-07-13. சிலர் மாதத்தை முன்னால் எழுதுகிறார்கள், சிலர் நாளை முன்னால் எழுதுகிறார்கள். எல்லோரும் ஒரே முறைக்கு வந்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

கயல்விழி எழுதியது:

இளவேனில், எழுத்தில் நீங்கள் சொல்வது உண்மை, எங்கள் பதிவேட்டில் அப்படித்தான் எழுதுகிறோம். நான் கேட்டது வாயால் சொல்வதைப் பற்றி. பதிவேட்டில் அந்தத் தேதியையும் அப்படியே மிக அழகாக எழுதியிருந்தேன். எழுதிய தேதியே தவறாக இருந்ததுதான் பிரச்சினை.

ஒலிவாங்கி ஐயா, 'வடிவத்தை மாற்றிச் சொல்' என்ற சொல் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. இன்று காலை முதல் அழைப்பிலேயே முயன்றேன். ஓர் இடறல் வந்தது. "ஒன் த்ரீ" என்றேன், அவர் "மார்ச் முதல் தேதியா?" என்று கேட்டார்!

ஒலிவாங்கி எழுதியது:

நல்ல வேளை, அவர் கேட்டார். இளவேனில் சொன்னது இங்கே வேறு வழியாக உள்ளே வருகிறது, பாருங்கள். இலக்கங்களைத் தனியாக விட்டால் கேட்பவர் அவற்றை நாள், மாதம் என்று பிரித்துக்கொள்வார். எனவே மாதத்தை எப்போதும் பெயராகச் சொல்லுங்கள், அதையும் முதலில் சொல்லுங்கள்: "ஜூலை மாதம், தர்ட்டீன்த், ஒன் த்ரீ." மாதம் முன்பே வந்துவிட்டால் அடுத்து வரும் ஒன்றும் மூன்றும் நாளாக மட்டும்தான் இருக்க முடியும்.

இன்னொன்று. சிலர் என் பேச்சைக் கேட்டு முழுச்சொல்லை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதுவும் வேண்டாம். இலக்கத்துக்கு அதற்கே உரிய ஓட்டை உண்டு: ஃபைவ், நைன். இரண்டிலும் கேட்பது நடுவில் உள்ள 'ஐ' ஒலிதான், முன்னும் பின்னும் உள்ளவை இரைச்சலில் போய்விடும். வானூர்தி வானொலியில் ஒன்பதை 'நைனர்' என்றும், ஐந்தை 'ஃபைஃப்' என்றும் சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் நைனர் என்றால் அவர் குழம்புவார். ஆனால் "ஃபிஃப்டீன்த், ஒன் ஃபைவ்" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால், ஃபிஃப்டீனும் நைன்டீனும் ஒன்றுபோல ஒலிக்காததால் முழுச்சொல் இலக்கத்தைக் காக்கிறது. ஒன் ஃபைவும் ஃபைவ் ஸீரோவும் ஒன்றுபோல ஒலிக்காததால் இலக்கம் முழுச்சொல்லைக் காக்கிறது. இரண்டு வடிவங்களின் பலவீனமும் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் இதன் பயன்.

கணக்கர் எழுதியது:

ஓர் அடிப்படை விஷயத்தை யாரும் சொல்லவில்லை. தேதி என்று வரும்போது 15/50 இணை ஆபத்தானதே அல்ல. எந்த மாதத்திலும் 50ஆம் தேதி கிடையாது. ஃபிஃப்டியத் என்று யார் காதில் விழுந்தாலும் அவரே "என்ன?" என்று திரும்பக் கேட்டுவிடுவார். 14/40, 16/60 முதல் 19/90 வரை எல்லாமே அப்படித்தான். இந்த வரிசையில் இரு பக்கமும் உண்மையான தேதியாக இருப்பது 13/30 ஒன்றுதான். அதனால்தான் உங்கள் பிழை சத்தமில்லாமல் கடந்துபோய்விட்டது. பிப்ரவரியில் பேசியிருந்தால் இதுவும் மாட்டியிருக்கும்.

அந்த ஒற்றை இணைக்கு நாள்காட்டியிலேயே ஒரு பூட்டு இருக்கிறது. 13க்கும் 30க்கும் இடையே 17 நாள். 17ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே ஒரே மாதத்தில் 13ஆம் தேதியும் 30ஆம் தேதியும் ஒருபோதும் ஒரே கிழமையில் வராது. எப்போதும் மூன்று கிழமை தள்ளித்தான் வரும். 2026 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள்: 13 திங்கட்கிழமை, 30 வியாழக்கிழமை. "ஜூலை 13, திங்கட்கிழமை" என்று சொல்லியிருந்தால், 30 என்று எழுதிக்கொண்டவர் நாள்காட்டியைப் பார்த்த கணமே கிழமை பொருந்தாது.

சிலர் கேட்கலாம், கிழமையையே தவறாகக் கேட்டால்? ஆங்கிலத்தில் டியூஸ்டேயும் தர்ஸ்டேயும் அடிக்கடி மாறும். அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 13 செவ்வாய் என்றால் 30 வெள்ளி. 13 வியாழன் என்றால் 30 ஞாயிறு. எண்ணும் மாறி, கிழமையும் செவ்வாய்க்கு வியாழனாக மாறினால்கூட நாள்காட்டியில் இல்லாத ஒரு சேர்க்கைதான் கிடைக்கும். இரண்டு பிழையும் ஒன்றாக நடந்து, சரியான தேதிபோல வேடம் போட வழியே இல்லை. இந்த முடிவு வந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

மதியழகி எழுதியது:

கணக்கர் சொன்னதில் ஒரு திருத்தம். தேதியாக 50 வராது, ஆனால் தேதியைக் குறிக்க 50 வரும். நான் வாங்கிய ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று தொலைபேசியில் கேட்டேன். "வித்தின் ஃபிஃப்டீன் டேஸ்" என்று பதில் வந்தது. நான் ஃபிஃப்டி டேஸ் என்று எழுதிக்கொண்டேன். 22ஆம் நாள் போனபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள். 15 நாள், 50 நாள் இரண்டுமே நம்பக்கூடியவை, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒலிவாங்கி சொன்னபடி, அதுவும் 'டேஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் வந்த ஃபிஃப்டீன்தான்.

இப்போதெல்லாம் யாராவது இத்தனை நாள் என்றால், "அப்படியானால் கடைசி நாள் எந்தத் தேதி, என்ன கிழமை?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். கால அளவைத் தேதியாக மாற்றியதும் 15க்கும் 50க்கும் இடையே ஒரு மாதத்துக்கு மேல் விலகிவிடுகிறது, மாதப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

நேரத்திலும் இது உண்டு. நான்கு பதினைந்தா, நான்கு ஐம்பதா? ஆங்கிலத்தில் ஃபோர் ஃபிஃப்டீன் என்பதைவிட "குவார்ட்டர் பாஸ்ட் ஃபோர்" என்றால் குழப்பமே இல்லை. 4.50 என்றால் "டென் டு ஃபைவ்".

கணக்கர் எழுதியது:

மதியழகி, ஒப்புக்கொள்கிறேன். நான் தேதி என்ற சொல்லைக் குறுக்கிப் பார்த்துவிட்டேன். ஆண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ட்வென்டி தர்ட்டீன், ட்வென்டி தர்ட்டி. ஓர் ஆவணம் வழங்கப்பட்டது 2013, முடிவது 2030 என்றால் இரண்டும் இயல்பாகவே தோன்றும். அங்கே கிழமை உதவாது, இலக்கம்தான் உதவும்: டூ ஸீரோ ஒன் த்ரீ. "டூ தவுசண்ட் அண்ட் தர்ட்டீன்" என்று நீட்டினால் பயனில்லை, குழப்பம் தரும் சொல் அப்படியே வாலில் தொங்கிக்கொண்டிருக்கும்.

தாமரை_27 எழுதியது:

ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொல்லிவிடலாமே? பதின்மூன்று, முப்பது. தொடக்க எழுத்தே வேறு. பதினைந்து, ஐம்பது. இங்கும் அப்படியே. நம் மொழியில் இந்த நோய் இல்லை.

ஆனால் வேறு நோய் உண்டு, நானே அனுபவித்தேன். என் தந்தையின் கண் பரிசோதனைக்குத் தேதி கேட்டபோது பதினாறு என்று சொன்னார்கள். தந்தை காதில் பதினாலு என்று விழுந்தது. 14ஆம் தேதி போய் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். பேச்சில் பதினான்கு என்று யாரும் முழுமையாகச் சொல்வதில்லை, பதினாலு என்கிறோம். பதினாலு, பதினாறு இரண்டிலும் கடைசி அசையில் ஒரு மெய் மட்டும்தான் வேறு. பதினேழு, பதினெட்டு என்பதும் எனக்குப் பயம் தருவது, அடுத்தடுத்த நாள் வேறு.

ஒலிவாங்கி எழுதியது:

தாமரை சொன்னது மிகச் சரி. தமிழில் பன்னிரண்டைத் தவிர, பதினொன்று முதல் பதினெட்டு வரை எல்லாமே 'பதின்' என்று தொடங்குவதால் வேறுபாடு சொல்லின் பின்பாதிக்குப் போய்விடுகிறது. இருபத்தேழு, இருபத்தெட்டும் அவ்வாறே. 14ஐப் 'பதினான்கு' என்று முழு வடிவில் சொன்னால் அந்த 'ன்கு' நிறைய உதவும், செயற்கையாகத் தோன்றினாலும் பரவாயில்லை. இங்கும் "பதினான்கு, ஒன்று நான்கு, செவ்வாய்க்கிழமை" என்று சொன்னால் முடிந்தது. தமிழ்க் கிழமைப் பெயர்கள் ஏழும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. செவ்வாயை வியாழனாக யாரும் கேட்க மாட்டார்கள்.

மாதத்தில்தான் கவனம் வேண்டும். ஜூன், ஜூலை என்ற குழப்பம் தமிழ்ப் பேச்சிலும் உண்டு. "ஜூலை, ஏழாம் மாதம்" என்று சேர்த்துக்கொள்கிறேன்.

வழிப்போக்கர் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு தேதிக்கு மாதப் பெயர், முழுச்சொல், இலக்கம், கிழமை என்று நான்கு முறை சொல்ல வேண்டுமா? நானும் தொலைபேசியில் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு என்று உங்களுக்கே தெரியும். மேலும் ஒன் த்ரீ, ஒன் த்ரீ என்று ஓதினால் "எனக்குக் காது கேட்காது என்று நினைக்கிறாயா?" என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் அப்படிக் கத்தியிருக்கிறார். அழைப்பு முடிந்ததும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் போதாதா?

கயல்விழி எழுதியது:

குறுஞ்செய்தி அனுப்பத்தான் செய்கிறோம். அந்த வாடிக்கையாளருக்கும் போயிருக்கிறது, 13 என்ற எண்ணுடன். அவர் திறந்து பார்க்கவில்லை. பேசி முடித்துவிட்டோம், எல்லாம் உறுதியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் இருப்பவர் ஏன் திறந்து பார்க்கப் போகிறார்? குரலில் உறுதியானது என்று இருவரும் நம்பிய பிறகு எழுத்து பின்னால் போய்விடுகிறது. எனவே குரலிலேயே சரியாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கோபத்தைப் பற்றிச் சொன்னது எனக்கும் கவலைதான். இந்த வாரம் நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். எல்லாத் தேதிக்கும் நான்கு வடிவம் சொல்லவில்லை. மாதமும் கிழமையும் எல்லாத் தேதிக்கும் உண்டு, அது யாருக்கும் உறுத்துவதில்லை. "ஜூலை தர்ட்டீன்த், மண்டே" என்பது மிக இயல்பான பேச்சு. 13, 30 இரண்டுக்கு மட்டும் இலக்கம் சேர்க்கிறேன். அதிலும் "நீங்கள் சரியாகக் கேட்டீர்களா?" என்ற தொனி வராமல், "ஒன் த்ரீ என்று எழுதிக்கொள்கிறேன்" என்று என் பக்கத்து வேலையாகச் சொல்கிறேன். பிழை நேர்ந்தால் என் பேனாவில்தான் என்பதுபோல. இதுவரை யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, "சரிதானே?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அதற்கு வரும் "சரி"யில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பதிலாக, நான் தேதியை மட்டும் சொல்லிவிட்டு, "அது உங்களுக்கு என்ன கிழமை வருகிறது?" என்று கேட்கிறேன். அவர் நாள்காட்டியைத் திறந்தே ஆக வேண்டும். வியாழன் என்று சொன்னால் அவர் மனத்தில் 30 இருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

நேற்று அப்படி ஒன்று பிடிபட்டது. நான் தர்ட்டியத் என்றேன். கிழமை கேட்டேன், "மண்டே" என்றார். 30 வியாழன், திங்கள் 13தான். "த்ரீ ஸீரோ, தர்ஸ்டே" என்றேன். "ஓ, த்ரீ ஸீரோவா" என்று திருத்திக்கொண்டார். அதற்கு ஆன நேரம் சில நொடிகள்தான்.

செந்தில்குமரன் எழுதியது:

கயல்விழி, உங்கள் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. என் கருத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: உச்சரிப்பைத் திருத்துவது நம் வாயை மட்டும்தான் திருத்தும், மறுமுனையில் இருப்பவர் வாயை நாம் திருத்த முடியாது. இருந்தாலும் 'ன்த்' என்பதை முழுதாகச் சொல்லப் பழகுவதைக் கைவிடாதீர்கள்.

ஒரு சந்தேகம். தர்ட்டீன்த், தர்ட்டியத் என்ற வரிசை எண்களே வேண்டாம், "ஜூலை தர்ட்டீன்" என்று வெறும் எண்ணாகச் சொல்வது தெளிவா? என் காதுக்குத் தர்ட்டீனும் தர்ட்டியும் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. என் நண்பர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்.

ஒலிவாங்கி எழுதியது:

நிதானமாகச் சொன்னால் வரிசை எண் மேல் என்பேன். தர்ட்டியத்தில் மூன்று அசை, தர்ட்டீன்த்தில் இரண்டு அசை. வெறும் எண்ணில் இரண்டுக்கும் இரண்டு அசைதான். ஆனால் வேகத்தில் தர்ட்டியத்தின் 'டி-யத்' ஒன்றாக ஒட்டி 'டீத்' போல ஆகிவிடும். அப்போது தர்ட்டீன்த்திலிருந்து அதைப் பிரிப்பது ஒரு மூக்கொலி மட்டும்தான். வெறும் எண்ணில் இறுதி 'ன்' தெளிவாக முடிய இடம் இருக்கிறது, பின்னால் 'த்' வந்து அதை மறைப்பதில்லை. ஆகவே உங்கள் நண்பர் சொல்வதிலும் பொருள் உண்டு. நான் வரிசை எண்ணையே சொல்லிப் பழகியவன், அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை.

வழிப்போக்கர் எழுதியது:

கிழமை கேட்கும் முறையை நாளை முயன்று பார்க்கிறேன். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டே பேசுபவரிடம் நாள்காட்டியைப் பாருங்கள் என்று கேட்க முடியாதே. அப்படிப்பட்டவரிடம் என்ன செய்கிறீர்கள், கயல்விழி?

கயல்விழி எழுதியது:

அவரிடம் தேதியை முடிவு செய்வதே இல்லை. வண்டியை நிறுத்தியதும் அழைக்கச் சொல்கிறேன், அல்லது நானே மறுபடி அழைக்கும் நேரம் கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தையும் குவார்ட்டர் பாஸ்ட் என்றுதான் சொல்கிறேன், மதியழகியின் புண்ணியத்தில்.